உப்பு நான்கு இடங்களில்: ஒரு மீன் குழம்புக் குறிப்பைப் பிரித்து எழுதியபோது

பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூரிலிருந்து வரும் முதியவர் ஒருவர் எனது இதய நோய்ப் பிரிவில் சில ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வருகிறார். ஏரியில் வலை வீசியே குடும்பத்தைக் காத்தவர். இதயத்தின் விசை குறைந்த பிறகு கரையோடு நின்றுவிட்டார். மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்பவர், நாள்தோறும் எடை பார்த்து நோட்டில் குறிப்பவர். அப்படிப்பட்டவர் ஒருமுறை பத்து நாள்களுக்குள் மூன்று கிலோ எடை கூடி, இரு கால்களும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற நிலையில் வந்து சேர்ந்தார். அவருடைய குடும்பத்தாரின் இசைவுடன், அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, இதனை எழுதுகிறேன்.

நோட்டைப் புரட்டினேன். மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. உணவில் மாற்றம் உண்டா என்று கேட்டபோது, உடன் வந்திருந்த மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அத்தை நாத்தனார் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்காங்க டாக்டர். நான்தான் சமைக்கிறேன். மாமாவுக்கு மீன் குழம்பு இல்லாம சோறு இறங்காது. அத்தை போன்ல சொல்லச் சொல்ல நாத்தனார் எழுதி அனுப்பினாங்க. அதைப் பார்த்துத்தான் செய்யறேன். ஒரு வார்த்தை மாத்தல." கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் இருந்தது இது:

"மடவ மீன் ஒரு கிலோ வாங்கி உப்பு மஞ்சத்தூள் போட்டு நல்லா பெரட்டி வச்சிடுங்க எலுமிச்சங்கா அளவு புளி கரைச்சுக்குங்க சட்டில நல்லெண்ண ஊத்தி வெந்தயம் கருவேப்பில தாளிச்சு சின்ன வெங்காயம் ஒரு கை பூண்டு பத்து பல்லு வதக்கி தக்காளி ரெண்டு போட்டு உப்பு போட்டு மசிய வதக்குங்க கொழம்பு தூள் மூணு ஸ்பூன் போட்டு ஊற வச்ச புளித்தண்ணி ஊத்துங்க மூணு டம்ளர் தண்ணி தேவையான உப்பு போட்டு கொதிக்க விடுங்க பச்ச வாசன போனதும் மீன போட்டு அஞ்சு நிமிஷத்துல எறக்கிடுங்க மாங்கா இருந்தா போடலாம் அப்ப புளிய கொறச்சுக்குங்க கடைசில உப்பு பாத்து போட்டுக்குங்க"

ஒரு நிறுத்தற்குறியும் இல்லாத ஒரே பத்தி. சமைக்கத் தெரிந்தவர் இதை ஒருமுறை படித்தால் போதும், குழம்பு வைத்துவிடுவார். புதிதாக அடுப்பின் முன் நிற்பவருக்கோ இதில் உப்பு எத்தனை முறை வருகிறது என்பதே கண்ணில் படாது. எண்ணிப் பார்த்தேன். நான்கு முறை வருகிறது. நான்கில் ஒன்றுக்கும் அளவு இல்லை.

இதயம் தளர்ந்தவரின் உடலில் மிகையாகத் தங்கும் உப்பு தனியாகத் தங்குவதில்லை, நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நரம்பு வழியாக ஏற்றப்படும் சலைன் நீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் உடல் நீரின் செறிவும் ஏறக்குறைய அதுவே. ஆகவே வெளியேற வழியின்றி 9 கிராம் உப்பு உடலில் தேங்குமானால், அதனோடு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரும் தேங்கும். தராசில் அது ஒரு கிலோவாகத் தெரியும். நலமுள்ள பெரியவர் ஒருவருக்கே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புதான். இதய நோயாளிக்குரிய வரம்பை அவரவர் மருத்துவர் கூறுவார். இந்த முதியவருக்கு நான் கூறியிருந்தது 5 கிராம்.

சிகிச்சையில் வீக்கம் வடிந்தது. வீடு திரும்பும் நாளில், எங்கள் உணவியலாளரும் அந்த மருமகளும் நானும் ஒரு மேசையில் அமர்ந்து, அந்தப் பத்தியைப் பொருள் பட்டியலாகவும் எண்ணிட்ட படிகளாகவும் பிரித்து எழுதத் தொடங்கினோம். பத்து நிமிட வேலை என்று எண்ணினேன். முடிக்க ஒரு மாதமாயிற்று. எங்கெங்கே இடறினோம் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் கைப்பேசியிலும் இத்தகைய பத்தி ஒன்று இருக்கக்கூடும்.

முதலில் பத்தியைத் தாளில் எழுதி, உண்ணும் பொருள் வருமிடமெல்லாம் அடிக்கோடிட்டோம். பிறகு புரட்டு, கரை, தாளி, வதக்கு என்று செயல் வருமிடமெல்லாம் வட்டமிட்டோம். அடிக்கோடிட்டவை பட்டியலாயின. வட்டமிட்டவை படிகளாயின. இது எளிய பகுதி. அடுத்து, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு படியில் செலவாகிறதா, படியில் வரும் ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் செய்து பார்த்தோம். விடுபட்டவை அப்போதுதான் தெரிந்தன. "ஊற வச்ச புளித்தண்ணி" என்கிறது பத்தி, ஆனால் புளியை ஊறவைக்கச் சொல்லும் படி எங்கும் இல்லை. அது முதற்படியாக வந்திருக்க வேண்டும். மாங்காய் சேர்த்தால் புளியைக் குறைக்க வேண்டும் என்ற செய்தி குழம்பை இறக்கிய பிறகு வருகிறது. புளி முழுவதும் சட்டிக்குள் போன பின் அதைப் படித்து என்ன பயன்? அதையும் மேலே கொண்டுபோனோம்.

பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் அளவு எழுதும் நிலைக்கு வந்தபோது எழுதுகோல் நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள் என்பது என் கருத்து. அளவு இல்லாத இடத்தில் தமக்குத் தெரிந்த அளவை எழுதி நிரப்பிவிடுகிறார்கள். பட்டியல் அழகாக அமைந்துவிடும். ஆனால் அதில் எது சமைத்தவர் சொன்னது, எது எழுதியவர் ஊகித்தது என்று பிறகு ஒருவராலும் பிரித்தறிய முடியாது. பத்தியாக இருந்தவரை அதன் குறை வெளியே தெரிந்தது. பட்டியலானதும் குறை மறைந்து, ஊகம் அளவின் உடையை அணிந்துகொள்கிறது. மருந்துச் சீட்டில் படிக்க முடியாத எழுத்தை மருந்தாளுநர் ஊகித்துப் படிக்கக் கூடாது என்கிறோம், நோயாளியின் சமையற் குறிப்புக்கும் அதே கண்டிப்பு வேண்டும். ஆகவே தெரியாத இடங்களில் கேள்விக்குறி மட்டும் இட்டோம். மொத்தம் ஏழு கேள்விக்குறிகள். மருமகள் தம் மாமியாரைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்தார்.

முதற் கேள்வி உப்பைப் பற்றியது. "மீனில் புரட்டும் உப்பு எவ்வளவு அம்மா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது கழுவுற உப்பு டாக்டர். மடவைக்கு வழவழப்பு இருக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்ச்சு, ரெண்டு மூணு தண்ணி அலசிக் கொட்டிடுவேன். அதைப் போய் யாராவது குழம்புல போடுவாங்களா?"

மருமகள் என்னைப் பார்த்தார். போட்டிருக்கிறார். பத்தியில் "பெரட்டி வச்சிடுங்க" என்று இருக்கிறதேயொழிய "அலசிவிடுங்கள்" என்று இல்லை. சொன்னவருக்கு அது சொல்லத் தேவையில்லாத செய்தி. எழுதியவருக்கு அது காதில் விழாத செய்தி. அதனால் வடிகாலில் போக வேண்டிய உப்பு ஒவ்வொரு நாளும் சட்டிக்குள் போயிருக்கிறது.

தக்காளியில் போடும் உப்பும் தனி உப்பு அன்று என்றார் அந்த அம்மா. குழம்புக்கென்று கையில் எடுத்த உப்பிலேயே சிறிது கிள்ளித் தக்காளியில் போட்டு, மீதியைக் கொதிக்கும்போது போடுவாராம். "கடைசியில் உப்பு பார்த்து" என்பதும் வாயில் வைத்துப் பார்ப்பதுதான், பெரும்பாலும் எதுவும் போடுவதில்லை. ஆக, மூலக் குறிப்பில் சட்டிக்குள் போன உப்பு ஒரே ஒரு கை. எழுத்தில் அது நான்கு உப்பாகப் பெருகிவிட்டது.

இரண்டாவது முடிச்சு ஸ்பூனில் இருந்தது. மூன்று ஸ்பூன் குழம்புத் தூள் என்றதும் மருமகள் 5 மில்லி கொள்ளும் தேக்கரண்டியால் மூன்று போட்டிருக்கிறார். மாமியாரின் ஸ்பூன் தூள் டப்பாவிலேயே கிடக்கும் பெரிய ஸ்பூன். மருமகள் மறுமுறை அதைக் கொண்டுவந்தபோது அளந்தோம், 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி. மூன்றில் ஒரு பங்கு தூளே விழுந்ததால் குழம்பு காரமும் மணமும் இன்றிச் சப்பென்று இருந்திருக்கிறது. சப்பென்று இருக்கும் குழம்பில் நம் கை இயல்பாக எதைச் சேர்க்கும்? "கடைசில உப்பு பாத்து போட்டுக்குங்க" என்று பத்தியே அனுமதியும் தந்துவிட்டது. தூளில் நேர்ந்த பிழை உப்பில் போய் முடிந்தது. அளவு தெரியாத ஸ்பூன் ஒன்று பட்டியலில் இருந்தால், அதன் விளைவு அந்தப் பொருளோடு நிற்பதில்லை என்பதை அன்றுதான் நானும் உணர்ந்தேன்.

தண்ணீரிலும் ஓர் ஐயம் இருந்தது. மூன்று டம்ளர் என்பது புளித்தண்ணீர் நீங்கலாகவா, சேர்த்தா? சேர்த்துத்தான் என்றார். டம்ளரின் அளவு அவர்கள் வீட்டில் 200 மில்லி.

கடைசியாக அந்த ஒரு கை உப்பின் அளவு. "எவ்வளவுன்னு எப்படிச் சொல்றது? கை போடும்" என்பதே விடை. ஊகிப்பதில்லை என்று முடிவு செய்திருந்ததால் அந்தக் கேள்விக்குறி அப்படியே நின்றது. ஒரு மாதம் கழித்து அந்த அம்மா ஊர் திரும்பி, கணவரோடு புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். உணவியல் பிரிவின் தராசில் காகிதம் ஒன்றை விரித்து, ஒரு கிலோ மீனுக்குப் போடும் உப்பை எடுத்து வைக்கச் சொன்னோம். மூன்று முறை வைத்தார். 12 கிராம், 11 கிராம், 13 கிராம். கை அளவு என்றால் துல்லியமற்றது என்று மருத்துவர்களாகிய நாங்கள் கருதுகிறோம். அந்தக் கை ஒரு கிராமுக்கு மேல் பிசகவில்லை. துல்லியம் கையில் இருந்தது, எழுத்தில்தான் அது ஏறவில்லை.

மருமகள் பத்தியின்படி எவ்வளவு போட்டார் என்பதை வேறு வழியில் கண்டோம். உணவியலாளர் தந்த சிறு சமையலறைத் தராசை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, பழைய முறையில் ஒருமுறை சமைத்தார். அந்தக் குழம்பை நோயாளிக்குப் பரிமாறவில்லை. சமையலுக்கு முன்பும் பின்பும் உப்பு ஜாடியை நிறுத்தார். முன்பு 640 கிராம், பின்பு 616. செலவு 24 கிராம். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. எத்தனை முறை, எத்தனை சிட்டிகை என்று நினைவில் வைக்க வேண்டியதில்லை, ஜாடியே கணக்குச் சொல்லிவிடும். ஏரியோர வீடுகளில் மீன் நிறுக்கும் தராசு இருக்கும், ஆனால் அது ஓரிரு கிராம் வேறுபாட்டைக் காட்டாது. சமையலறைத் தராசே வேண்டும்.

அந்தக் குழம்பு நால்வருக்கு இரு வேளை, அதாவது எட்டுப் பங்கு. 24 கிராமை எட்டால் வகுத்தால் பங்குக்கு 3 கிராம். முதியவர் இரு வேளையும் உண்பவர். குழம்பிலிருந்து மட்டுமே 6 கிராம், அவருடைய நாள் வரம்பைத் தாண்டிய அளவு. காலை இட்லியும் சட்னியும் இதில் சேரவில்லை. மாமியாரின் 12 கிராமில் பங்குக்கு ஒன்றரை கிராம். அதை 8 கிராமாகக் குறைக்கலாமா என்று உணவியலாளர் கேட்டார். "காரமும் புளிப்பும் சரியா இருந்தா குறைக்கலாம்" என்றார் அந்த அம்மா. எட்டுக் கிராமில் பங்குக்கு ஒரு கிராம். குழம்பை எவரும் சரிபாதியாகப் பங்கிடுவதில்லை, ஆகவே இது தோராயக் கணக்குதான். ஆனால் மூன்றுக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு அந்தத் தோராயத்தில் மறைந்துவிடாது.

இறுதியில் எழுதிய தாள் இதுவே.

மடவை மீன் குழம்பு (நால்வருக்கு இரு வேளை)

பொருள்கள், பயன்படும் வரிசையில்:
புளி: 30 கிராம் (மாங்காய் சேர்ப்பதானால் 15 கிராம்)
தண்ணீர்: 600 மில்லி (ஊறவைக்க 200, சட்டிக்கு 400)
மடவை மீன், துண்டுகளாக: 1 கிலோ
கழுவுவதற்கு மட்டும் கல் உப்பு: 1 மேசைக்கரண்டி
கழுவுவதற்கு மஞ்சள் தூள்: அரைத் தேக்கரண்டி
நல்லெண்ணெய்: 3 மேசைக்கரண்டி
வெந்தயம்: அரைத் தேக்கரண்டி
கறிவேப்பிலை: 2 கொத்து
சின்ன வெங்காயம், உரித்தது: 100 கிராம்
பூண்டு: 10 பல்
தக்காளி, நறுக்கியது: 2
வீட்டில் அரைத்த, உப்புச் சேராத குழம்புத் தூள்: 3 மேசைக்கரண்டி (15 மில்லி கரண்டி)
குழம்புக்கு உப்பு: 8 கிராம், நிறுத்துத் தனிக் கிண்ணத்தில்
விருப்பமானால் மாங்காய்: பாதி, துண்டுகளாக

செய்முறை:
1. புளியை 200 மில்லி தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டவும்.
2. மீனைக் கழுவும் உப்பும் மஞ்சளும் சேர்த்துத் தேய்த்து, மூன்று முறை நல்ல நீரில் அலசி, நீரைக் கொட்டிவிடவும்.
3. சட்டியில் எண்ணெயைச் சூடாக்கி, வெந்தயம் சிவந்ததும் கறிவேப்பிலை சேர்க்கவும். கருகவிட்டால் குழம்பு கசக்கும்.
4. வெங்காயம், பூண்டு சேர்த்து வதக்கவும்.
5. தக்காளியும், கிண்ணத்து உப்பில் ஒரு சிட்டிகையும் சேர்த்து, மசியும்வரை வதக்கவும்.
6. குழம்புத் தூள் சேர்த்து ஒரு நிமிடம் கிளறவும்.
7. புளிக்கரைசல், 400 மில்லி தண்ணீர், கிண்ணத்தில் மீந்த உப்பு முழுவதும் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடவும். மாங்காயை இப்போது சேர்க்கவும்.
8. மீனைச் சேர்த்து, சிறு தீயில் ஐந்து நிமிடம் வேகவைத்து இறக்கவும். இதற்குமேல் உப்புச் சேர்க்க வேண்டாம்.

நிறுத்த உப்பைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது அந்த மருமகளின் யோசனை. கிண்ணம் காலியானால் உப்பு முடிந்தது, எத்தனை படிகளில் பிரித்துப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. சமையற் புத்தகங்கள் "பிரித்துப் பயன்படுத்துக" என்று எழுதுவதைவிட இது தெளிவானது.

பொருள்களை அளவோடு முன்னே எழுதும் வழக்கம் நாம் நினைப்பதுபோல் மிகப் பழமையானதன்று. அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையற் புத்தகம், கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. அவரே 1904இல் நோயாளிகளுக்கும் உடல் தேறிவருபவர்களுக்கும் உரிய சமையலைத் தனி நூலாக எழுதினார். தமிழில் மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" 1951இல் வந்தது. அடுப்பருகே கற்றுக்கொடுக்கப் பெரியவர் இல்லாத வீடுகளிலும் அது பயன்பட்டது. காட்டூர் மருமகளின் நிலையும் அதுவே, மாமியார் ஒரு மாதம் ஊரில் இல்லை.

இங்கே எங்கள் தரப்புக் குறையையும் சொல்ல வேண்டும். அந்த முதியவர் முதன்முறை வீடு திரும்பியபோது நாங்கள் கொடுத்த உணவுத் தாளில் "உப்பைக் குறைத்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தோம். எதிலிருந்து, எவ்வளவுக்கு? அந்தத் தாளும் அளவில்லாத பத்திதான். மாமியாரின் பத்தியைக் குறைகூறும் தகுதி எங்களுக்கு இல்லை. நோயாளி அடிக்கடி உண்ணும் ஒரே ஓர் உணவையாவது இவ்வாறு பிரித்து எழுதி, வீடு திரும்பும் சீட்டோடு இணைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நேரம் எங்கே என்று சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். மூச்சு முட்டி மீண்டும் வருபவருக்கு நாம் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இதை உங்கள் வீட்டில் செய்யும்போது சில ஐயங்கள் வரும். கல் உப்பைக் கரண்டியால் அளக்க வேண்டாம். தூள் உப்பு தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 6 கிராம் வரும், கல் உப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால் அதனினும் குறைவாகவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாகவும் வரும். கடைக் குழம்புத் தூளில் உப்பு இருக்கிறதா என்பதை உறையில் பாருங்கள். ஏரி நீர் உப்பாக இருப்பதால் மீனும் உப்பாக இருக்குமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். புது மீனின் சதையில் உப்பு மிகக் குறைவே. கருவாடு வேறு, அதைச் சேர்த்தால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புகளில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இதயத்துக்கான சில மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. தராசு இல்லாத வீட்டில், புது உப்புப் பொட்டலத்தின் மேல் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். நால்வர் நாளொன்றுக்கு ஆளுக்கு 5 கிராம் உண்டால் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். முப்பதே நாளில் தீர்ந்தால், எந்தச் சட்டியில் போகிறது என்று தேடலாம்.

முதியவரின் எடை இப்போது ஒரே நிலையில் இருக்கிறது. நீர் மாத்திரையின் அளவையும் அப்போது மாற்றியிருந்ததால், குழம்பு மட்டுமே காரணம் என்று நான் கூறமாட்டேன். சென்ற முறை வந்தபோது மருமகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். முதற்பக்கத்தில் மடவைக் குழம்பு, இரண்டாம் பக்கத்தில் இறால் தொக்கு, மூன்றாம் பக்கத்தில் நண்டு ரசம். நண்டு ரசத்தில் மிளகுக்கு நேரே மட்டும் இன்னும் கேள்விக்குறி நிற்கிறது. "அத்தை ரெண்டு தடவை ரெண்டு அளவு சொல்றாங்க டாக்டர். அடுத்த ஞாயித்துக்கிழமை நிறுத்துப் பார்த்துட்டு எழுதறேன்" என்றார்.